வாசல் வரை வந்தவருக்கு மூன்று மணித்தியாலச் சம்பளம்

கேள்வி: ஸ்காபரோவில் சின்னக் கேட்டரிங் கடை நடத்துகிறேன். நாலு பேர் பகுதிநேரம், எல்லோருக்கும் மணித்தியாலத்துக்கு 18 டொலர், நேரம் கிழமைக்குக் கிழமை மாறும். போன சனிக்கிழமை பெரிய ஓடர் ஒன்று பின்னேரம் 3:15க்கு ரத்தாகிவிட்டது. 5 மணி ஷிஃப்ட்காரருக்கு உடனே வாட்ஸப் குரூப்பில் வர வேண்டாம் என்று போட்டேன். ஒருவர் பார்த்து ஓகே போட்டார், வரவில்லை. ஒரு தங்கச்சி போனில் சார்ஜ் இல்லாமல் பஸ்ஸில் வந்து சேர்ந்தார். கடைக்கு ஆட்கள் வந்தால் பார்ப்போம் என்று பின்னால் இருக்கச் சொல்லிவிட்டு, 5:50க்கு அனுப்பினேன். பார்சல் கட்டும் மாணவர் ஒருவரும் வந்தார், அவரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டேன். சமையலுக்கு உதவும் தம்பி 2:30க்கே வந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார், அவரை 3:15க்கு அனுப்பினேன். 48 மணித்தியாலத்துக்குள் ரத்துச் செய்தால் நாலு பேருக்கும் மூன்று மணித்தியாலக் காசு கொடுக்க வேண்டும் என்கிறார் மச்சான். வேலை செய்யாத நேரத்துக்கு ஒரு சதமும் இல்லை என்கிறார் கணக்குப் பார்ப்பவர். யார் சொல்வது சரி?

பதில்: இரண்டு பேரும் பிழை. ஆனால் மச்சானின் பிழைக்கு ஒரு கதை இருக்கிறது, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

2017இல் ஒன்ராறியோ அரசு பில் 148 என்ற சட்டத்தை நிறைவேற்றியது. ஷிஃப்ட் தொடங்க 48 மணித்தியாலத்துக்குள் அதை ரத்துச் செய்தால் மூன்று மணித்தியாலச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்று அதில் இருந்தது, 2019 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வரவும் இருந்தது. அதற்குள் ஆட்சி மாறியது. 2018 நவம்பரில் பில் 47 வந்து, இந்தப் பகுதியை அமுலுக்கு வருமுன்னரே தூக்கிவிட்டது. ஆக 48 மணித்தியால விதி ஒரு நாள்கூட உயிரோடு இருக்கவில்லை. ஆனால் அந்த நேரத்தில் எழுதப்பட்ட கட்டுரைகள் எல்லாம் இன்றைக்கும் இணையத்தில் அப்படியே கிடக்கின்றன, தேடினால் அவைதான் முதலில் வரும், மச்சானும் அதில் ஒன்றைத்தான் வாசித்திருப்பார்.

மிஞ்சியது பழைய மூன்று மணித்தியால விதி. வேலைத் தரநிலைச் சட்டத்தில் 21.2ஆம் பிரிவு. பேரோல் ஆட்கள் ரிப்போர்ட்டிங் பே என்று சொல்வது இதைத்தான். அது சொல்வது இவ்வளவுதான்: வழக்கமாக ஒரு நாளில் மூன்று மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்யும் ஒருவரை வேலைக்கு வரச் சொல்லி, அவர் வந்து, இன்னும் நிற்கத் தயாராக இருந்தும் மூன்று மணித்தியாலத்துக்குக் குறைவாகவே வேலை கிடைத்தால், மூன்று மணித்தியாலத்துக்கான சம்பளத்தைக் கொடுக்க வேண்டும். எவ்வளவு நேரத்துக்கு முன்பு ரத்துச் செய்தீர்கள் என்று அந்தப் பிரிவு கேட்கவே இல்லை. ஆள் வந்தாரா இல்லையா என்பதுதான் அதன் கேள்வி. ஒரு மணித்தியாலத்துக்கு முன்பு போனில் சொல்லி, அவரும் கேட்டுக்கொண்டு வீட்டில் நின்றுவிட்டால் சட்டப்படி கடன் எதுவும் இல்லை. ஐந்து நிமிடம் பிந்தி அவர் கடைக்குள் கால் வைத்துவிட்டால் மூன்று மணித்தியாலம். வேலை செய்கிறவர் பக்கம் நின்று பார்த்தால் இது நியாயமில்லை, இரண்டு பேரும் அந்தப் பின்னேரத்தை உங்களுக்காகத்தான் ஒதுக்கி வைத்திருந்தார்கள். ஆனாலும் இப்போதைய சட்டம் இதுதான்.

இனி உங்கள் நாலு பேர்.

ஓகே போட்டுவிட்டு வராமல் நின்றவருக்குச் சட்டப்படி ஒன்றும் இல்லை. உங்கள் வேலை ஒப்பந்தத்திலோ கடை விதியிலோ வேறு ஏதாவது எழுதியிருந்தால் அது வேறு கதை. சட்டத்தைவிட நல்லதாக நீங்களே எழுதிக் கொடுத்திருந்தால் அதைக் கொடுத்தே ஆக வேண்டும்.

பஸ்ஸில் வந்த தங்கச்சியின் விடயத்தில் உங்களுக்கு ஒரு வாதம் இருந்தது, அதை நீங்களே கெடுத்துவிட்டீர்கள். மெசேஜ் போட்டாச்சு, பார்க்காதது அவர் பிழை என்று சொல்லியிருக்கலாம். அது பெரிய வாதம் இல்லை. குரூப்பில் போட்டால் போதும் என்று உங்களுக்குள் எழுத்தில் எந்த ஏற்பாடும் இருந்த மாதிரித் தெரியவில்லை, மெசேஜ் பக்கத்தில் இரண்டு நீலக் கோடும் விழுந்திருக்காது, போட்டது நேரம் தொடங்க இரண்டு மணித்தியாலத்துக்கும் குறைவான நேரத்தில். நான் உங்கள் இடத்தில் இருந்தால் அதை வைத்து வாதாடப் போகமாட்டேன். இங்கே அந்தக் கேள்வியே எழாது, ஏனென்றால் வந்தவரைப் பின்னால் இருக்கச் சொன்னீர்கள். வேலை வரும்வரை கடையிலேயே காத்திரு என்று முதலாளி சொன்னால் அந்த நேரமும் வேலை நேரம்தான், ஒன்ராறியோ ஒழுங்குவிதி 285/01 அதைத் தெளிவாகச் சொல்கிறது. கதிரையில் இருந்து போன் சார்ஜ் போட்டுக்கொண்டிருந்தாலும் சரி. ஆகவே 5:00 முதல் 5:50 வரை அவர் 50 நிமிடம் வேலை செய்திருக்கிறார். அதற்கு 15 டொலர். மிச்சம் 2 மணித்தியாலம் 10 நிமிடம், அதற்கு 39 டொலர். மொத்தம் 54.

வெங்காயம் உரித்த தம்பிக்கும் இதே கணக்குத்தான். 45 நிமிடத்துக்கு 13.50, மிச்சம் 2 மணித்தியாலம் 15 நிமிடத்துக்கு 40.50, மொத்தம் 54. அவர் வேலையைத் தொடங்கிவிட்டார், செய்த நேரத்துக்கு மட்டும் காசு என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர். கணக்குப் பார்ப்பவரும் அந்தப் பக்கம்தான் போலிருக்கிறது. வந்து ஒரு வேலையும் கிடைக்காதவர், வந்து இரண்டரை மணித்தியாலம் செய்தவர், இரண்டு பேரும் குறைந்தது மூன்று மணித்தியாலச் சம்பளத்தோடு வீட்டுக்குப் போக வேண்டும்.

ஒரு விடயம் மட்டும் நீங்கள் எழுதவில்லை. தம்பியை நீங்கள் அனுப்பினீர்களா, இல்லை ஓடர் இல்லை என்று தெரிந்ததும் அவரே "அப்ப நான் போகட்டா அண்ணை?" என்று கேட்டாரா? இன்னும் நிற்கத் தயாராக இருந்தும் என்ற சொற்கள் பிரிவில் சும்மா கிடக்கவில்லை. உண்மையிலேயே அவராகப் போயிருந்தால் விதி பொருந்தாது. அதே மாதிரி, அரிசி மூட்டை அடுக்க, ஃபிரீசர் துடைக்க என்று மூன்று மணித்தியாலத்துக்கு வேறு வேலை கொடுத்து, அவர் மாட்டேன் என்று போயிருந்தாலும் உங்கள் நிலை பலமாக இருக்கும். ஆனால் இதைப் பிறகு உருவாக்க முடியாது. "வேலை குறைவு, விரும்பினால் போகலாம்" என்று முதலாளி சொல்லும்போது பத்தில் ஒன்பது பேர் அதைப் போ என்றுதான் விளங்கிக்கொள்வார்கள். முறைப்பாடு என்று வந்தால் அதிகாரியும் அப்படி விளங்கிக்கொள்ள நிறைய வாய்ப்பு இருக்கிறது. உங்கள் கடிதத்தில் அனுப்பினேன் என்றுதான் இருக்கிறது, ஆகவே 54ஐக் கொடுங்கள்.

மாணவரிடம்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும். வழக்கமாக மூன்று மணித்தியாலத்துக்கு மேல் செய்கிறவருக்குத்தான் இந்த விதி. பார்சல் கட்டுகிறவர் எப்போதும் இரண்டு, இரண்டரை மணித்தியாலம்தான் வருகிறார் என்றால் வாசலில் திருப்பி அனுப்பியதற்குச் சட்டம் ஒன்றும் கேட்காது. ஆனால் நேரம் மாறி மாறி வரும் ஆட்களிடம் இந்த வழக்கமாக என்ற சொல் வழுக்கும், சட்டத்தில் அதற்கு எண்ணிக்கையும் இல்லை, வீதமும் இல்லை. நான் செய்வது இதுதான்: கடைசி எட்டு, பத்துக் கிழமை அட்டவணையை எடுத்து அவர் உண்மையில் செய்த நேரங்களை வரிசையாக எழுதிப் பார்ப்பேன். பத்து ஷிஃப்ட்டில் ஒன்பது இரண்டரை மணித்தியாலம், ஒரு கல்யாண ஓடருக்கு மட்டும் ஆறு என்றால் வழக்கம் எது என்பதில் குழப்பம் இல்லை. ஒரு கிழமை இரண்டரை, மறு கிழமை ஐந்து, பிறகு நாலு என்று போனால் விதி பொருந்தும் என்றே வைத்துக் கொடுத்துவிடுவேன். 54 டொலருக்காக ஒரு அதிகாரியின் முன்னால் போய் நின்று வழக்கமாக என்ற சொல்லுக்கு அர்த்தம் சொல்லிக்கொண்டிருக்க எனக்கு விருப்பமில்லை, உங்களுக்கும் இருக்காது என்று நினைக்கிறேன்.

இங்கே இன்னொரு பொறியும் இருக்கிறது. பிரிவின் வாசகம் அவர் வழக்கமாக எவ்வளவு செய்கிறார் என்று பார்க்கிறது, அன்றைய ஷிஃப்ட் எவ்வளவு என்று போட்டிருந்தீர்கள் என்று பார்க்கவில்லை. வழக்கமாக ஆறு மணித்தியாலம் நிற்கும் ஒருவரை ஒரு நாள் "இரண்டு மணித்தியாலம் மட்டும் வந்துவிட்டுப் போ" என்று கூப்பிட்டால், அவர் நிற்கத் தயார் என்னும்போது அன்றைக்கும் மூன்றுதான். ஷிஃப்ட்டைச் சின்னதாகப் போட்டு விதியிலிருந்து தப்பலாம் என்று சிலர் நினைப்பது இதனால்தான் பலிக்காது.

விதிவிலக்கு ஒன்று உண்டு. தீ, மின்னல், மின்சாரம் நின்று போவது, புயல், இவை போன்ற உங்கள் கையை மீறிய காரணத்தால் வேலை நின்றுபோனால் மூன்று மணித்தியாலம் கொடுக்கத் தேவையில்லை, செய்த நேரத்துக்குக் கொடுத்தால் போதும். ஓடர் கொடுத்தவர் ரத்துச் செய்தது இதில் சேராது. அதுவும் என் கையில் இல்லைத்தானே என்பீர்கள், ஆனால் அது வியாபாரத்தில் வரும் நட்டம், தீயும் மின்னலும் மாதிரி ஒன்றல்ல. பனிப்புயல் நாளிலும் கவனம் வேண்டும். வீதி மூடிக் கடையையே பூட்டினால் விலக்குக் கிடைக்கும். கடை திறந்தே இருக்கிறது, பனியால் சனம் வரவில்லை, அதனால் இரண்டு பேரை வீட்டுக்கு அனுப்பினேன் என்றால் வேலை நிற்கவில்லை, ஆட்களைத்தான் குறைத்திருக்கிறீர்கள். அதற்கு மூன்று மணித்தியாலம் கொடுக்க வேண்டும்.

கணக்கில் இரண்டு இடத்தில் பிழை விடுகிறார்கள். முதலாவது, எந்த வீதத்தில் கொடுப்பது என்பது. அவருடைய வழக்கமான வீதம் 18 என்றால் மிச்ச நேரத்துக்கும் 18, குறைந்தபட்சச் சம்பளமான 17.60 அல்ல. டிப்ஸ் வருகிறவர் என்றால் அதை இதில் கழிக்கக்கூடாது, டிப்ஸ் சம்பளக் கணக்கில் சேராது. சட்டம் இரண்டு தொகையைப் பார்த்து எது கூடவோ அதைக் கொடு என்கிறது: ஒன்று, செய்த நேரத்துக்கு உழைத்ததோடு மிச்ச நேரத்துக்கு வழக்கமான வீதம். மற்றது, மூன்று மணித்தியாலமும் வழக்கமான வீதம். சாதாரண நாளில் இரண்டும் ஒன்றுதான். விடுமுறை நாளில் ஒன்றரை மடங்கு கொடுக்கும்போதுதான் வித்தியாசம் வரும். அப்படி ஒரு நாளில் ஒரு மணித்தியாலம் செய்து போனவருக்கு 27, மிச்சம் இரண்டுக்கு 36, ஆக 63. இரண்டாவது கணக்கில் வரும் 54ஐக் கொடுத்தால் ஒன்பது டொலர் குறைத்துவிட்டீர்கள்.

இரண்டாவது பிழை நேரப் பதிவில். தங்கச்சி செய்தது 50 நிமிடம், காசு வாங்கியது மூன்று மணித்தியாலத்துக்கு. இரண்டையும் ஒன்றாக்கி 5 முதல் 8 வரை என்று எழுதிவிடாதீர்கள். ஓவர்டைம் கிழமையில் 44 மணித்தியாலத்துக்கு மேல் செய்த வேலைக்கு, அதற்குச் சேர்வது உண்மையில் செய்த 50 நிமிடம்தான். ஒவ்வொரு நாளும் எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடித்தார் என்று பதிவு வைத்திருக்கச் சட்டம் சொல்கிறது, அதை மூன்று வருடம் வைத்திருக்கவும் வேண்டும். மூன்று மணித்தியாலத்துக்கான காசு முழுக்கச் சம்பளம் என்றே கணக்கு, ஆகவே சிபிபி, ஈஐ, வரி எல்லாம் வழமைபோலப் பிடிக்க வேண்டும், விடுமுறைச் சம்பளமும் அதன்மேல் ஏறும். ஐந்து வருடத்துக்குக் குறைவாக உங்களிடம் இருப்பவருக்கு நாலு வீதம், 54க்கு 2.16. பே ஸ்டப்பில் இரண்டு வரியாகப் போடுங்கள், வேலை செய்த நேரம் 0.83 மணித்தியாலம் 15.00, மூன்று மணித்தியால விதி மிச்சம் 39.00 என்று. பிறகு யார் பார்த்தாலும் என்ன நடந்தது என்று விளங்கும்.

"அடுத்த கிழமை ஒரு மூன்று மணித்தியாலம் கூடப் போட்டுத் தருகிறேன், இதை விட்டுவிடு" என்று பேசித் தீர்ப்பதும் நடக்கிறது. அது செல்லாது. அடுத்த கிழமை அவர் செய்வது அடுத்த கிழமை வேலை, அதற்கு வேறாகக் காசு. அவர் சரி என்று தலையாட்டினாலும், கையெழுத்தே போட்டுத் தந்தாலும், இந்தச் சட்டத்தின் குறைந்தபட்சத்தை விட்டுக்கொடுக்க அவரால் முடியாது. தொழில் அமைச்சில் முறைப்பாடு கொடுக்க அவருக்கு இரண்டு வருடம் இருக்கிறது. கேட்டதற்காக நேரத்தைக் குறைப்பது, அட்டவணையிலிருந்து பெயரை எடுப்பது பழிவாங்கலில் சேரும், அது 54 டொலரைவிடப் பெரிய தலையிடி.

நான் சொன்னதெல்லாம் ஒன்ராறியோவில் சாதாரணக் கடை, உணவகம், கேட்டரிங் மாதிரியானவற்றுக்கு. வங்கி, விமான நிறுவனம், மாகாணம் தாண்டி ஓடும் லொறி நிறுவனம் மாதிரியானவை மத்திய அரசின் தொழில் சட்டத்தில் வரும். அங்கே ஷிஃப்ட்டை மாற்ற 24 மணித்தியால முன்னறிவிப்பு என்று தனி விதி இருக்கிறது. வன்கூவர் பக்கம் கிளை போட நினைத்தாலும் பிரிட்டிஷ் கொலம்பியாவின் கணக்கு வேறு, வந்தவருக்கு இரண்டு மணித்தியாலம், எட்டுக்கு மேல் போட்டிருந்தால் நாலு.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. கேட்டரிங்கில் கடைசி நேர ரத்து மறுபடியும் வரும், அதனால் ஒரு பக்கத்தில் உங்கள் கடைக்கு ஒரு விதி எழுதி வையுங்கள். ரத்தைக் குரூப்பில் மட்டும் போடாமல் ஒவ்வொருவருக்கும் கோல் எடுத்துச் சொல்ல வேண்டும், அவர் பதில் சொன்ன பிறகுதான் அது ரத்து, பதில் வராவிட்டால் வருவார் என்றே கணக்கு. அதோடு நாலு மணித்தியாலத்துக்குள் ரத்துச் செய்தால் வராமல் நின்றவருக்கும் இரண்டு மணித்தியாலச் சம்பளம் என்று சேர்க்கச் சொல்வேன். சட்டம் கேட்காத காசுதான், போன சனிக்கிழமைக்கு அது ஓகே போட்டவருக்கு 36 டொலர். ஆனால் இப்போதைய நிலையில் உங்கள் மெசேஜை உடனே பார்த்து மரியாதையாக நின்றவருக்குப் பூச்சியம், பார்க்காமல் வந்தவருக்கு 54. நாலு பேரும் ஒரே குரூப்பில் இருக்கிறார்கள், இந்தக் கணக்கு அவர்களுக்கு ஒரு கிழமைக்குள் தெரிந்துவிடும், பிறகு உங்கள் மெசேஜை யாரும் ஐந்து மணிக்கு முன்பு பார்க்கமாட்டார்கள். எழுதிக் கொடுத்தால் அது உங்களைக் கட்டும் என்பதை மறக்காதீர்கள், ஆகவே கொடுக்கக்கூடிய அளவையே எழுதுங்கள். ஓடர் எடுக்கும்போது வாடிக்கையாளரிடம் 48 மணித்தியாலத்துக்குள் ரத்துச் செய்தால் முற்பணம் திரும்பாது என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டால் இந்தக் காசு உங்கள் பொக்கெட்டிலிருந்து போகாது.

தம்பிக்கும் தங்கச்சிக்கும் உரிய 108 டொலரையும் விடுமுறைச் சம்பளம் 4.32ஐயும் அந்தக் கிழமைக்கான சம்பள நாளிலேயே கொடுத்துவிடுங்கள். அந்த நாள் ஏற்கெனவே போய்விட்டதென்றால் அடுத்ததுக்குக் காத்திருக்காமல் இப்போதே தனிச் செக்காக எழுதுங்கள்.